பச்சையாக இருந்த கோட்டா

என் மகளுக்கு முதல் பிரசவம். ஏழாம் மாதம் அழைத்துவந்து, நகரியில் எங்கள் வீட்டிலேயே பார்க்கவேண்டியது. ஆனால் இரத்தக் கொதிப்பு என்று சொல்லி, ரயில் ஏறவே கூடாது என்றுவிட்டார் போபால் டாக்டர். மாப்பிள்ளைக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. அவருடைய அம்மா உயிரோடு இல்லை. ஆக, நான்தான் போகவேண்டும், டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய் நிற்கவேண்டும் என்று முடிவானது. எனக்கு மூட்டுவலி. திருப்பதியிலிருந்து போபாலுக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாண்டிப் போகிற பயணத்தில் மேல் பர்த் ஏற என்னால் ஆகாது. கீழ் பர்த் வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இருந்த நல்ல போன், மாப்பிள்ளை புதுசு வாங்கியபோது கொடுத்துவிட்டுப் போனது. அதில் ரயில் டிக்கெட் போடுவதற்கு எல்லாம் வைத்திருந்தார். வைத்திருந்தது முழுக்க இந்தியில். எப்படி மாற்றுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மாற்றவும் வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். ஏனென்றால் அவருக்கு இந்தி படிக்கத் தெரியும். இருபது வருஷம் துணி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவர். சாலைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சமா நஞ்சமா? தெருவில் யாருக்கு வங்கியிலிருந்து இந்தியில் காகிதம் வந்தாலும் நம் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

டிக்கெட் போட உட்கார்ந்த அன்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். கோட்டா என்று ஒரு பட்டியல் திறந்தது. "சாமான்ய" என்றார். அது எல்லோருக்கும் பொது. அதில் ஸ்லீப்பருக்கு வெயிட்டிங் இருபத்திமூன்று. "மஹிலா" என்றார். பொம்பளைகளுக்கு. அதில் ஒன்றும் இல்லை. அடுத்ததைத் தொட்டார். திரையில் பச்சையாக வந்தது.

"அடியே, இதுல சீட்டு கீதுடி! பச்சையா காட்டுது பாரு."

"அப்புறம் இன்னா, போடு."

அவர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் படித்தார். "லோயர் பர்த்... வரிஷ்ட நாகரிக்." பிறகு சிரித்தார். "சீனியர் சிட்டிசன்டி. கெழவிங்களுக்கு. போட்டுடட்டா?"

எனக்கு ஐம்பத்தொன்று. தலையில் இன்னும் கறுப்பு இருக்கிறது. "யோவ், நான் கெழவியாய்யா? நீதான் கெழவன்" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வயசை ஏற்றிப் போட்டால் டிடிஇ ஆதாரைப் பார்த்துவிட்டு நடுவழியில் இறக்கிவிடுவார் என்று நான்தான் சொன்னேன். நியாயமாகத்தான் பட்டது. அவர் சாமான்யத்துக்குத் திரும்பிப் போய், எந்த பர்த் வேண்டும் என்று கேட்ட இடத்தில் கீழ் பர்த்தை அழுத்தினார். வேலை முடிந்தது. கீழ் பர்த் கேட்டாகிவிட்டது, வெயிட்டிங் நகர்ந்தால் கீழேயே கிடைத்துவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். கேட்பது வேறு, கொடுப்பது வேறு என்று அப்போது தோன்றவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் காபிக்கு முன்னால் போனைப் பார்ப்பதுதான் எங்கள் பூஜை. "பதினெட்டு ஆயிடுச்சி" என்பார். "பதிமூணு." ஒரு நாள் "ஒம்போது" என்று அவர் கத்தியதில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மகளுக்குப் போன் போட்டு, "வந்துகினே கீறேன்டி" என்று சொன்னேன். அவள் வாயெல்லாம் சிரிப்பு. நான் முறுக்கு சுட்டேன், பிரசவ மருந்து இடித்தேன், பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்தேன். நான்கில் வந்து நின்றது எண். நின்றதுதான். அசையவே இல்லை.

வண்டிக்கு முதல் நாள் தத்காலிலும் ஒருமுறை முயன்று பார்த்தார். ஓடிபி வந்து, அதைப் போட்டு முடிப்பதற்குள் அங்கேயும் வெயிட்டிங் ஆகிவிட்டது. வண்டி சாயந்திரம். அன்று காலையிலேயே சார்ட் போட்டுவிட்டதாக மெசேஜ் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துபோயிற்று. ஆர்ஏசி ஆகியிருந்தால்கூட உட்கார்ந்துகொண்டாவது போயிருப்பேன். போனில் போட்ட டிக்கெட், சார்ட்டில் வெயிட்டிங்காகவே நின்றுவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரிசர்வ் பெட்டியில் ஏற முடியாது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கே போனோம். ரிசர்வேஷன் கவுண்டரில் ஓர் அம்மா இருந்தார். இந்த வண்டியில் ஏதாவது காலி இருக்கிறதா என்று கேட்டோம். தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "மீ வயசெந்தம்மா?" என்றார்.

"ஐம்பத்தொண்ணும்மா."

"தனியாவா போறீங்க?"

"தனியாத்தான்."

"அப்போ லோயர் பர்த் கோட்டாலயே போட்டிருக்கலாமே. ஆம்பளைக்குத்தான் அறுபது. ஆடவாள்ளகி நலபை ஐது சாலம்மா."

பெண்ணுக்கு நாற்பத்தைந்து போதும். தெலுங்கில் சொன்னாலும் எனக்கு அது நன்றாகவே புரிந்தது. என் வீட்டுக்காரர், "அதுல பச்சையா இருந்துச்சே மேடம்" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அதையே இரண்டு தடவை சொன்னார். "இருந்திருக்கும்" என்றார் அந்த அம்மா. "யாரும் கேக்காம மிஞ்சினது சார்ட் போடும்போது வேற யாருக்காவது போயிருக்கும்." அந்த அம்மாவிடம் குற்றம் ஒன்றுமில்லை. அடுத்து எந்த வண்டியில் அந்தக் கோட்டா இருக்கிறது என்று தேடி, மூன்று நாள் தள்ளி ஒரு கீழ் பர்த்தை உறுதியாகப் போட்டுக் கொடுத்தார்.

சாயந்திரம் வரை அங்கேயே கிடந்தோம். ரிசர்வ் இல்லாத பெட்டியிலாவது ஏறிவிடுகிறேன் என்று அடம்பிடித்தேன். வண்டி வந்தபோது அந்தப் பெட்டியின் கதவுப் படியில்கூட ஆள் தொங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "முட்டியோட எங்கடி ஏறுவே?" என்றார். சண்டாளா, படிக்கத் தெரிந்தும் இப்படிச் செய்துவிட்டாயே என்று பிளாட்பாரத்திலேயே அவரைத் திட்டினேன். வேண்டாம் என்று சிரித்தவள் நான். திட்டு வாங்கியது அவர். என் பையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த வண்டி போபால் போய்ச் சேர்ந்த நாளே மகளுக்கு வலி கண்டுவிட்டது. தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே. மாப்பிள்ளை அப்போது ஷிஃப்டில் இருந்திருக்கிறார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிற ஓர் இந்திக்காரப் பெண்மணிதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

நான் கீழ் பர்த்தில் வசதியாகக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அப்படி ஒரு வசதி எனக்கு வாழ்க்கையில் வேண்டவே வேண்டாம். குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பெண் குழந்தை. மகள் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு கதை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"வலி தாங்காம அம்மா அம்மான்னு கத்திகினே இருந்தேம்மா. அந்த ஆன்ட்டிக்கு நம்ம பேச்சு ஒண்ணும் தெரியாதுல்ல? அவங்களத்தான் கூப்புடறேன்னு நெனச்சிக்கினாங்க போல. நான் ஒவ்வொரு வாட்டி கூப்புடும்போதும், பெத்த பொண்ணுக்குப் பதில் சொல்றாப்பல, 'ஹாங் பேட்டா, ஹாங் பேட்டா'ன்னு சொல்லிகினே இருந்தாங்க."