நூறு சொல்லில் தெரிந்த முடிவு

வருடக்கணக்கில் கல்வராயன் மலைக்கு ஏறி இறங்கி எழுதிய ஆய்வேட்டைச் சுருக்கிக் கொடு என்றாலே எனக்குக் கோபம் வரும். அதையும் மூன்று அளவில் கேட்டால் சொல்லவே வேண்டாம். பல்கலைக்கழகப் படிவத்துக்கு ஐந்நூறு சொல், ஆய்விதழ் ஒன்றுக்கு இருநூற்றைம்பது, கருத்தரங்குக்கு நூறு. கருத்தரங்கில் கட்டுரை படித்த சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது. எனக்குக் கொடுத்த கால நீட்டிப்பும் முடியப்போகிறது. இந்த முறை தவறினால் எல்லாம் போச்சு.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தேன். வெள்ளிமலையைச் சுற்றி மூன்று ஊர்களில் சாமை போய் மரவள்ளி வந்தது ஏன் என்பதுதான் தலைப்பு. எங்கள் துறைப் பேராசிரியரே நெறியாளர். நல்ல மனிதர். வணிகர்கள் கொடுத்த முன்பணம்தான் காரணம் என்று பல வருடங்களுக்கு முன்பே கட்டுரை எழுதியவர். நானும் அதை நம்பித்தான் மலை ஏறினேன்.

ஐந்நூறு சொல் சுருக்கத்தில் அவர் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டார். அதில் எல்லோருக்கும் இடம் இருந்தது. முன்னோர் ஆய்வுகள் என்று அவர் கட்டுரையை முதலில் வைத்து, முறை, வரம்பு எல்லாம் சொல்லி, என் முடிவைக் கடைசியில் பவ்வியமாக உட்கார வைத்திருந்தேன்.

இருநூற்றைம்பதுக்கு வந்தபோது முன்னோர்கள் போனார்கள். ஓர் அம்மா சொன்ன வாக்கியத்தையும் விட வேண்டியதாயிற்று. "லாரி வந்து கெழங்க அள்ளிக்கினு போயிடுது. ரேஷன் அரிசிய ஒலைல போட்டா சோறு. சாமைய யாரு குத்தறது?" அதை வெட்டும்போது மனசு வலித்தது.

நூறு சொல்லுக்கு வாலை நறுக்கினால் போதாது. முடிவு இருப்பதே வாலில். புதிதாகத்தான் எழுத வேண்டும். இணையப் படிவத்தில் சொல் எண்ணிக்கை ஓடும். மீறினால் சிவப்பாகிவிடும், அனுப்ப முடியாது. 'இவ்வாய்வானது' போயிற்று. 'குறிப்பிடத்தக்கது' போயிற்று, நல்லதுக்குத்தான். ஆனால் 'மூன்று ஊர்களில்' என்பதை மட்டும் விடவில்லை; விட்டால் மலை முழுக்க அப்படி என்று ஆகிவிடும். கடைசியில் நடுவில் நின்றது இது: 'சாமை குத்தும் வேலை பெண்களுடையது. மரவள்ளிக்கு மாறலாம் என்று வீட்டில் முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் அவர்களே. வணிகரின் முன்பணம் பிறகு வந்தது.'

கருத்தரங்கில் நெறியாளர் பெயரும் இரண்டாவது ஆசிரியராகப் போகும். அவர் சம்மதம் வேண்டும். துறை அறையில் கணினித் திரையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"இன்னாம்மா இது? இதுவா நம்ம முடிவு?"

"பெரிய சுருக்கத்துலயும் இதேதாங்க சார் இருக்கு."

"அதுல இவ்ளோ பளிச்சுனு தெரியலயே."

தெரியாதபடி எழுதியவள் நான்தான்.

"சின்னதுல முடிவு எதுக்கும்மா? 'காரணங்கள் ஆராயப்படுகின்றன'ன்னு முடிச்சிடு. எல்லாரும் அப்படித்தான எழுதறாங்க."

சுருக்கங்களில் எல்லாம் 'ஆராயப்படுகிறது', 'விளக்கப்படுகிறது' என்று இருக்கும். பெண், மாப்பிள்ளை பெயர் போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் வேண்டாம் என்றால் கருத்தரங்கு இல்லை, ஆய்வேடும் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆராய்ஞ்சாச்சு சார். ஆராய்ஞ்சு கண்டுபுடிச்சத சொல்லலைன்னா, நான் எதுக்கு மலைக்குப் போனேன்?"

"என் பேரு இருக்குதும்மா இதுல. நானே எழுதனதுக்கு நானே எதிரா நிக்கறதா?"

"உங்க கட்டுரை தப்புன்னு சொல்லலைங்க. முன்பணம் வந்தது நெஜம். அதுக்கு முன்னாடி வூட்டுல நடந்தத நான் பொம்பளைங்க கிட்ட கேட்டேன். நீங்க யாருகிட்ட கேட்டீங்க சார்?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே பயந்தேன். அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். போச்சு, அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். எதையும் தொடவில்லை. அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளைங்க கிட்டதாம்மா கேட்டேன்" என்றார். "வாசல்ல கட்டில் போட்டு உக்கார வெச்சாங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதிக்கினே இருந்தேன். உள்ள பொம்பளைங்க சாமை குத்திக்கினு இருந்தாங்க. அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல, செத்த நிறுத்தச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

பிறகு அவரே 'சமர்ப்பி' என்பதை அழுத்தினார்.