'யார்' என்ற முதல் வரி

திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே எங்கள் ஜெராக்ஸ் கடை. மெஷினுக்கு நான், மேசைக்குச் சற்குணம் அக்கா. இங்கிலீஷில் வக்கீல் நோட்டீஸ் வந்து பதறி ஓடிவரும் நம் தமிழ் ஆட்களுக்கு, போனில் இருக்கும் போட்டோவைப் படித்து நாலே வரியில் தமிழில் எழுதித் தருவாள்: யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன செய்வாராம். காகிதத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டாள். "ஆறுதல் வேணும்னா பழவங்காடிப் பிள்ளையார்கிட்டப் போ" என்பாள். கல்நெஞ்சுக்காரி என்று நானே பலமுறை திட்டியிருக்கிறேன்.

போன செவ்வாய் மதியம் பேச்சி வந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. கடிதம் வீட்டில் இருந்ததால் பக்கத்து வீட்டு சபீனா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மேல்பக்கம் மடிப்பில் மறைந்து, அனுப்பியவர் பெயர் தெரியவில்லை. அக்கா மேல்பக்கத்தை மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, முதல் வரியைக் காலியாக விட்டு எழுதினாள்.

"என்ன கேக்காருன்னா, அவரு பொண்டாட்டியா நீ திரும்பி வந்து சேந்து வாழணுமாம். கைல கெடச்ச நாள்லேருந்து பதினஞ்சு நாள். எப்ப கையெழுத்துப் போட்டு வாங்கின?"

"நேத்து. நாலாந்தேதி."

"அப்ப பத்தொம்பதுக்குள்ள. இல்லேன்னா குடும்பக் கோர்ட்டுல மனு போடுவாராம்."

பேச்சி சிரித்தாள். "ஆளு மாறிப்போச்சுக்கா. எம் புருஷன் பொணமாக் கரையொதுங்கி ஆறு வருஷமாச்சுல்லா? மொகமே இல்ல. சட்டையப் பாத்து நாந்தான் அடையாளம் சொன்னேன். என்னைய அடிச்சே கொன்ன பய. அவன் போன பெறவுதான் நான் மனுசியானேன்."

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த பத்தியை வாசித்தாள். பேச்சி காலை ஐந்தே முக்காலுக்குத் தூக்குவாளியோடு பஸ் ஏறுவதையும், விளக்கை அணைக்காமல் தூங்குவதையும் வக்கீலின் கட்சிக்காரர் தினமும் நேரில் கண்டு வருந்துகிறாராம். மெஷினை நிறுத்தினேன்.

போன் ஒலித்தது. மேல்பக்கம் வந்துவிட்டது. அக்கா காலி இடத்தில் நிதானமாக எழுதினாள்: சுடலைக்கண்ணு, உன் கணவன். முகவரி பேச்சியின் சந்துதான், நாலாம் நம்பர்.

"எங்க எதுத்த வீடு," என்றாள் பேச்சி. "ஒரு மாசமா ஜன்னலத் தொறக்காத வீடு."

அன்றுதான் அக்கா தன் சட்டத்தை உடைத்தாள். ஐந்தாவதாக ஒரு வரி எழுதினாள்: இது வக்கீல் கடிதம், கோர்ட் உத்தரவு அல்ல.

"நீ போகணும்னு ஒரு கட்டாயமும் இல்லட்டி. கோர்ட்டுக்குள்ள இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்கு. பொம்பளைங்களுக்குக் காசு வேண்டாம். நானும் வாரேன். பதில் அவங்க எழுதுவாங்க. இன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுல படு."

பேச்சிக்கு அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு, அந்தக் கர்க்கடக வாவுக்கு, சங்குமுகம் கடக்கரைல அவன் பேரச் சொல்லிப் பலிச்சோறு போட்டேனேக்கா," என்றாள். "அந்தச் சோத்தத் தின்னது யாரு?"