நின்ற பிறகு வரும் நொடி

என் மகள் "நின்னுடுச்சும்மா" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கை ஜில்லிட்டுப் போகும். படபடப்பு நின்றுவிட்டது என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். கேட்பவர்களுக்கு அது நல்ல செய்தி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு.

1993-இல் அவளுக்கு ஐந்து வயது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, மேலிருந்து பெரிய இரத்தக்குழாய் வந்து சேரும் இடத்தை ஒட்டி ஓட்டை இருந்தது. சென்னையில் நெஞ்சைத் திறந்து அடைத்தார்கள். திண்டிவனத்துக்குக் கூட்டி வந்த வாரத்திலேயே தெருப் பிள்ளைகளுடன் ஓடினாள். நான்தான் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை, ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறாள் என்ற பதில். படித்து முடித்தாள், ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை ஆனாள், எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தாள். நானும் ஆசிரியைதான். ஆனால் அவளைப் போல ஒரு வகுப்பைச் சத்தமில்லாமல் உட்கார வைக்க என்னால் முடிந்ததில்லை.

படபடப்பு தொடங்கியபோது அவளுக்கு இருபத்து நான்கு. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தொண்டையில் குருவி சிக்கினாற்போல இருக்கிறது என்பாள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டு மனதுக்குள் செபம் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் "நின்னுடுச்சும்மா" என்பாள். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "எழுந்து முகம் கழுவு, காப்பி போடறேன்" என்று அடுப்படிக்குப் போவேன். எங்கள் வீட்டு வழக்கம் அதுவாகிப் போயிருந்தது.

எங்கள் தெரு மருத்துவரிடம் காட்டினோம். அதிர்ஷ்டவசமாகப் படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுக்க முடிந்தது. கோடுகள் சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக இருந்தன. துடிப்பின் வேகத்தைக் குறைக்க மாத்திரை எழுதினார். கையில் இருந்த இ.சி.ஜி. சீட்டைப் பார்த்தால் யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

அதற்கு முன் தலைசுற்றலோடு போயிற்று. மாத்திரை தொடங்கிய பின் மயக்கம் போட்டு விழ ஆரம்பித்தாள்.

அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவள். கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டின்போது கீபோர்டுக்கு முன்னாலேயே சரிந்தாள். வாசித்துக்கொண்டிருந்த சுருதி மட்டும் அவள் கை பட்டு ஒரே குரலில் கத்திக்கொண்டே இருந்தது. பாடகர் குழுவில் உள்ள என் அத்தை மகள் எலுமிச்சைச் சாற்றோடு ஓடி வந்தாள்.

"வயித்த காயப்போட்டுக்கினு வந்து ஒக்காந்தா இப்பிடித்தான். ஆண்டவரு என்னா, உன்னய பட்டினி கெடந்து சாவ சொன்னாரா?"

பங்குச் சாமியாரும் அவளுக்கு நோன்பிலிருந்து விலக்குக் கொடுத்தார். வயிறு நிறையச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் சமையற்கட்டு வாசலில் விழுந்தாள்; புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. மாத்திரையைச் சரியாகப் போடவில்லை போல என்று நினைத்து, என் கண்ணெதிரிலேயே விழுங்கச் சொன்னேன். இன்னும் அதிகம் விழுந்தாள். பள்ளிக்கு ஸ்கூட்டியில் போகக் கூடாது என்று சாவியை அவள் அப்பா எடுத்து வைத்தார். பெண் ஒருநாள் விழுந்து எழாமலே போய்விடுவாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றவள் அவள்தான்.

அங்கே மருத்துவர் மயக்கத்தைப் பற்றி விசாரித்தார். நான் தவக்காலம், எலுமிச்சைச் சாறு, தையல் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "டீச்சரம்மா, கொஞ்ச நேரம் க்ளாஸுக்கு லீவு வுடுங்க. பொண்ணு சொல்லட்டும்" என்றார். பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நல்லதாயிற்று.

"சொல்றத விட அடிச்சிக் காட்டறேன் சார்" என்றாள் என் மகள்.

வலது கை விரல்களை அவருடைய மேசைமேல் வைத்துத் தட்டினாள். சிலுவைப்பாதைப் பாட்டுக்குத் தாளம் எடுப்பவள் அல்லவா. முதலில் அவசரமாக, இடைவெளியே இல்லாமல், மழை கொட்டுவதுபோல. பிறகு சட்டென்று விரல்களை நிறுத்தினாள். நிறுத்தியவள் நிறுத்தியபடியே இருந்தாள். பிறகு ஒரு தட்டு. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. பிறகு மெதுவாக, சோம்பலாக.

"இங்கதான் சார் விழறேன்" என்று அந்தச் சும்மா இருந்த இடத்தைக் காட்டினாள். "வேகமா அடிக்கறப்ப நான் விழுந்ததே இல்ல. அது நின்னதும்தான். நின்னுடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லி வாய மூடல, கண்ணு இருட்டிக்கினு வந்துடும்."

நான் அத்தனை முறையும் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். நின்றுவிட்டது என்ற நிம்மதியில் எழுந்து போனேனே தவிர, எந்த வரிசையில் எது நடந்தது என்று பார்க்கவில்லை. அவள் விழுந்துகொண்டே அதைப் பார்த்து வைத்திருந்தாள். பயத்தின் நடுவிலும் எனக்குத் தலை நிமிர்ந்தது.

மருத்துவர், "இன்னொரு தரம் தட்டும்மா. நீங்க எல்லாம் கிட்ட வந்து கேளுங்க" என்று பயிற்சி மருத்துவர்களை அழைத்தார். அவள் அதே மாதிரி, ஒரு தட்டுகூட மாறாமல் மறுபடி தட்டினாள். பிறகு அவர் கேட்டது: "மாத்திரை?"

"ஒரு வேளைகூட தப்பாம. அம்மா முன்னாலதான் முழுங்கறேன்."

"அத இப்ப நிறுத்திடுவோம். ஆனா வீட்டுக்குப் போக வேணாம், இங்கியே அட்மிட் ஆயிடு. கண்ணெதிர்லயே இருக்கணும்."

மார்பில் ஒயர்களை ஒட்டித் திரையோடு இணைத்தார்கள். தைராய்டு, இரத்தத்தில் உள்ள உப்புகள் ஆகியவற்றையும் சோதித்தார்கள். துடிப்பைக் கெடுக்க அவற்றாலும் முடியுமாம். அவை சரியாகவே இருந்தன. மறுநாள் பகலில் அது வந்தது. திரையில் சீப்புப் பற்கள். அவள் என் கையைப் பிடித்து, "நின்னு..." என்று தொடங்கினாள். திரையில் கோடு நேராக ஓடியது. அவள் பிடி தளர்ந்தது. செவிலியர் ஓடி வருவதற்குள் கோடு ஒரு முறை எழும்பியது, பிறகு இன்னொரு முறை. மகள் கண் திறந்தாள். அந்த நேர்க்கோட்டை என் கண்ணிலிருந்து இன்னும் அழிக்க முடியவில்லை.

மருத்துவர் என்னையும் என் கணவரையும் உட்கார வைத்து விளக்கினார். இதயத்தின் வலது மேலறையில், ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கும் ஒரு சிறு இடம் இருக்கிறது. சிறு வயதில் ஓட்டையை அடைத்தது அதன் பக்கத்தில்தான். பல வருடங்கள் கழித்து அந்த இடம் சோர்ந்து போயிருக்கிறது. சாதாரணமாகவே மெதுவாகத்தான் அடிக்கிறது. தழும்பைச் சுற்றி வேறொரு மின்னோட்டம் கிளம்பி மேலறையைத் தாறுமாறான வேகத்தில் ஓட்டுகிறது. அந்த வேகம் நிற்கும்போது, சோர்ந்த இடம் உடனே விழித்துக்கொள்வதில்லை. அதற்குள் மூளைக்கு இரத்தம் போகாமல் மயக்கம். வேகத்தை அடக்கும் மாத்திரை அந்தச் சோர்வை இன்னும் கூட்டிவிட்டது. அதனால் முதலில் பேஸ்மேக்கர், மாத்திரை அதற்குப் பிறகு.

புதுச்சேரியில் வைப்பதென்று முடிவாயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் அவள் படுத்த பிறகுதான் என் கணவர் கேட்டார்.

"அந்த மெஷினு வெச்சா இனிமே வேகமா அடிக்காதா பாப்பா?"

"அடிக்கும்ப்பா."

"அப்பறம் எதுக்கு அது?"

அந்த வருடம் ஊரெல்லாம் மின்வெட்டு. எங்கள் வீட்டிலும் புதிதாக இன்வெர்ட்டர் வாங்கி வைத்து, அவர் தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டு இன்வெர்ட்டரு என்னா பண்ணுது? கரண்டு இருந்தா சும்மா பாத்துக்கினு இருக்குது. போனா எடுத்துக்குது. ஹை வோல்டேஜ் வந்தா அதுவா தடுக்கும்? அதுக்கு ஸ்டெபிலைசர் வெச்சிருக்கீங்க இல்ல. மாத்திரைதான் ஸ்டெபிலைசரு. எனக்கு இன்வெர்ட்டர் இல்லாம வெறும் ஸ்டெபிலைசர மாட்டிட்டோம், அவ்ளோதான்."

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணுமா?" என்றார் அவர், முகத்தை மாற்றாமல்.

"உங்கள உள்ள வுட மாட்டாங்க."

சிரித்தோம். பிறகு அவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடது தோளுக்குக் கீழே மட்டும் மரத்துப் போக ஊசி. காறை எலும்புக்கு அடியில் உள்ள இரத்தக்குழாய் வழியாக இரண்டு மெல்லிய ஒயர்களை இதயத்துக்குள் செலுத்தி, தீப்பெட்டி அளவில் இருந்த கருவியைத் தோலுக்குள் வைத்துத் தைத்தார்கள். சில வாரங்கள் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஜடை பின்னும் வேலை எனக்கு வந்தது. ஐந்து வயதில் பின்னியதுபோல இறுக்கிப் பின்னினேன். அவள் முனகவில்லை.

பிறகு அதே பழைய மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். அதை அவள் கையில் எடுத்தபோது நான் அட்டையை வாங்கிப் பெயரை இன்னொரு முறை படித்தேன். மேலறை தாறுமாறாக ஓடும்போது உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளலாம் என்பதால், அதைத் தடுக்கவும் ஒரு மாத்திரை. அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை. படபடப்பு அடங்காவிட்டால் அது கிளம்பும் வழியைச் சுட்டு அடைக்கவும் ஒரு முறை உண்டு என்று சொல்லி வைத்தார்கள். குறித்த மாதங்களில் புதுச்சேரிக்குப் போவோம். தோலுக்கு மேலேயே ஒரு பட்டையை வைத்து, உள்ளே என்ன நடந்தது, பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிடுவார்கள்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்களாம். ஒளிக்கவில்லை அவள். தோளைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பாடமே எடுத்திருக்கிறாள். "டீச்சருக்கு நெஞ்சுல இன்வெர்ட்டரு" என்று ஒரு மாதம் ஊரில் பேச்சு. எங்கள் தெரு மருத்துவருக்கும் இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்து, என்ன நோய் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் என்னிடம், "உங்க பொண்ணு வந்து எனக்குச் சொல்லிட்டுப் போனது நல்லதாச்சும்மா" என்றார். நான் வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த தவக்காலத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் அனுமதித்து ஸ்கூட்டி சாவி அவள் கைக்கு வந்த பிறகும், நான் எதையாவது சாக்கிட்டுக் கூடவே போய்க்கொண்டிருந்த காலம் அது. பாட்டின் நடுவில் அவள் கை நின்றது. நெஞ்சில் கை வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகைத் தடவினேன். கழுத்து நரம்பு துடிதுடித்தது. என் அத்தை மகள் எலுமிச்சைச் சாறு தேடவில்லை. அவளும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நின்னுடுச்சும்மா" என்றாள்.

நான் எழவில்லை. இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தையே பார்த்தேன். கண் இருட்டவில்லை. தலை சரியவில்லை. கழுத்தில் அந்த நரம்பு ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று சீராக எழுந்தது. அவளும் எதையோ காது கொடுத்துக் கேட்பவளைப் போல இருந்தாள்.

"எடுத்துக்கிச்சும்மா" என்றாள் பிறகு. "கைய வுடு, வாசிக்கணும்."

விட்டேன். விட்ட இடத்திலிருந்தே அவள் பாட்டைப் பிடித்தாள்.