திரும்பிய அலை

ஞானதுரைக்கு ஊர் தென்காசி. வேலை, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பௌதிக விரிவுரையாளர். ஏப்ரல் பிறந்ததும் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவார். பின்னாலேயே பல்கலைக்கழகத்திலிருந்து புகுமுக வகுப்பு விடைத்தாள் கட்டுகள் ரயில் பார்சலில் வரும். முன்னறையில் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, சிவப்பு மையும் நீல மையுமாக ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவார். அந்த மாதம் வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, மே மாதம். அன்று பிரித்த கட்டில் நாற்பத்தொரு தாள்கள், ஒரே தேர்வு மையத்தைச் சேர்ந்தவை. நான்காவது கேள்வி, தனிச் சீரிசை இயக்கம்; ஊசல் ஆடுவது போன்ற அசைவு. இலக்கணமும் சமன்பாடுகளும் எழுதினால் ஏழு மதிப்பெண்; இடப்பெயர்ச்சி, திசைவேகம் இரண்டுக்கும் நேரத்தை ஒட்டிக் கோடு வரைந்தால் மூன்று.

முதல் தாளைப் பார்த்தார். சமன்பாடு சரி. ஊசல் குண்டு நடுநிலையிலிருந்து கிளம்புகிறது. ஆரம்பத்தில் இடப்பெயர்ச்சி சுழி, திசைவேகம் உச்சம். ஆனால் படத்தில் திசைவேகக் கோடு உச்சியில் தொடங்க, இடப்பெயர்ச்சிக் கோடு சுழியிலிருந்து கீழ்ப்பக்கம் இறங்குகிறது.

"கீழே போற குண்டுக்கு மேலே போற வேகமா? நல்லாருக்குடா தம்பி" என்று தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சுழியைப் போட்டார்.

இரண்டாவது தாளிலும் அதே இறக்கம். ஆறாவதில் அதே. திசைவேகம் இடப்பெயர்ச்சியைவிடக் கால் சுற்று முந்திப் போக வேண்டும். இவர்கள் எல்லாருக்கும் கால் சுற்று பிந்தி வந்தது. கட்டு முடிந்தபோது எண்ணினார். இருபத்தொன்பது தாள்களில் ஒரே பிழை. இரண்டு அலையும் சரியாக இரண்டு சுற்றோடு நிற்பதுகூட எல்லாவற்றிலும் ஒன்றுபோல்.

இருபத்தொன்பது பேர் ஒன்றாகச் சேர்ந்து தவறு செய்ய முடியாது; ஒருவன் செய்தான், மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். அன்றே தலைமைத் தேர்வாளருக்கு அறிக்கை எழுதினார். இந்த மையத்தில் கூட்டாகக் காப்பி அடித்திருக்கிறார்கள், இருபத்தொன்பது பேரின் தேர்வையும் ரத்து செய்ய வேண்டும். எண்களை வரிசையாக எழுதிப் பதிவுத் தபாலில் சென்னைக்கு அனுப்பினார். ரத்தானால் இரண்டு வருஷம் அவர்கள் தேர்வு எழுத முடியாது.

மறுநாள் காலை காற்றில் ஒரு தாள் பறந்து வாசலில் விழுந்தது. அவர் மனைவி தங்கபுஷ்பம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, இந்தத் தாளை விட்டுட்டிய. பிள்ளைக தலையெழுத்து காத்துல பறக்குது."

வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று தாளைக் குறுக்கே நீட்டினாள். எழுதிய பக்கம் அவளைப் பார்த்திருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது வெற்றுப் பின்பக்கம். ஒளியில் மை ஊடுருவித் தெரிந்தது.

"அசையாதே. அப்படியே நில்லு."

"என்ன, படம் புடிக்கப் போறியளா?"

பின்னாலிருந்து பார்க்கையில் படம் சரியாக இருந்தது. இடப்பெயர்ச்சி மேலேறுகிறது, திசைவேகம் உச்சியிலிருந்து இறங்குகிறது, கால் சுற்று முந்தி. துளிப் பிழை இல்லை. இருபத்தொன்பது பேரும் வரைந்தது சரியான படத்தின் கண்ணாடிப் பிம்பம். பார்த்து எழுதுகிறவன் வலத்தை இடமாக்க மாட்டான். அதைச் செய்வது, படத்தைத் திருப்பாமல் செதுக்கிய மர அச்சுக்கட்டை.

அலமாரிக்குப் போய் மெல்லிய நீல அட்டைப் புத்தகம் ஒன்றை உருவினார். 'அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர்' எழுதிய புகுமுகப் பௌதிக வினா விடை. ஜனவரியில் தென்காசியில் அச்சானது. அந்த ஆசிரியர் அவர்தான். தேர்வாளராக இருப்பவர் வினா விடை எழுதக் கூடாது. எழுதவில்லை என்று வருஷா வருஷம் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

அறுபத்தோராம் பக்கம். இடப்பெயர்ச்சி கீழே இறங்கியது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தது இந்தப் படத்தைத்தான்.

"ஏசுவே" என்றார். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று முறை திருத்தியவர் அவர். ஆனால் அச்சகம் திருத்த அனுப்பிய படியில் படத்தின் இடம் காலியாக இருந்தது. கட்டை தயாரானதும் வைத்துக்கொள்ளலாம் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். அச்சாகி வந்த பிறகு அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

கட்டை வெட்டுபவர் பெயர் கடற்கரை; குற்றாலத்தில் இருந்தார். தைலச் சீசாவுக்கு லேபிள், லாட்ஜுக்கு விளம்பரம், எல்லாம் அவர் உளியில் பிறந்தவை. ஞானதுரை சைக்கிளை மிதித்துப் போய் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடற்கரை சீசனுக்கு முன்கூட்டியே ஒரு லாட்ஜின் பெயரை மரத்தில் வலமிருந்து இடமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்வாள். அருவியில தண்ணி விழ இன்னும் நாள் கிடக்கே, அதுக்குள்ள குளிக்க வந்துட்டியளா?"

"அண்ணாச்சி, இந்தப் படத்தை எப்படி வெட்டுனிய?"

கடற்கரை புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்க போட்டுக் கொடுத்த தாளைக் கட்டையில ஒட்டி அப்படியே வெட்டுனேன். எழுத்துன்னா திருப்பி வெட்டுவேன். மூஞ்சின்னாலும் திருப்புவேன், இல்லேன்னா மச்சம் இடம் மாறிப் போவும். இது அலைதான? எங்கிட்டுத் திருப்புனாலும் அலைதான?"

"கோட்டுக்குப் பேரு?"

"அதெல்லாம் அச்சகத்துல ஈய எழுத்துல கோத்துக்கிட்டாவ. நெட்டுக்கும் குறுக்குக்கும் போட்ட கோட்டையும் அவியதான் வச்சாவ. ஏன், என்ன கெட்டுப் போச்சு?"

ஞானதுரை புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த மனிதரிடம் எதைச் சொல்வது? மச்சம் இடம் மாறக் கூடாது என்று தெரிந்தவருக்கு, இந்த அலையிலும் ஒரு மச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"இருபத்தொன்பது பேரைத் திருடன்னு எழுதிப்புட்டேன், அண்ணாச்சி."

கடற்கரை உளியை ஓரமாக வைத்தார். எழுந்து உள்ளே போய், மூலையில் கிடந்த மரக்கட்டையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினார். "கொண்டு போங்க. நான் வெட்டுனதுதான்னு எங்க வேணும்னாலும் சொல்லுதேன்."

தந்தி அலுவலகத்தில் தாளை வாங்கி எழுதிக் கொடுத்தார். 'காப்பிப் புகாரை நிறுத்தவும். பிழை என்னுடையது. கடிதம் வருகிறது.' பிறகு கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினார்: புத்தகம், கட்டை, பொய்க் கையெழுத்து. கட்டையைத் துணியில் பொதிந்து கூடவே அனுப்பினார்.

ஆறாம் நாள் பதில் வந்தது. தங்கபுஷ்பம் கதவருகே நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"பிள்ளைகளை என்ன செய்யுதாவளாம்?"

"புகாரைத் தள்ளிட்டாவ. ஒருத்தனுக்கும் தண்டனை இல்லை."

"ஒங்களுக்கு?"

"அடுத்த வருஷம் கட்டு வராது. இனி எப்பவும் வராது."

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். கடிதத்தின் கடைசி வரியை அவர் அவளிடம் படிக்கவில்லை. 'எனினும் கோட்டுப்படம் தவறாதலால் அதற்கு மதிப்பெண் வழங்க இயலாது. சமன்பாட்டுக்கு மட்டும் வழங்கி மதிப்பீட்டை முடித்து அனுப்பவும்.'

அது சரிதான். வேறொருவர் திருத்தினாலும் அதையே செய்திருப்பார். ஞானதுரை மேசைக்குப் போய் இருபத்தொன்பது தாள்களையும் மறுபடி திருத்தினார். நான்காவது கேள்விக்கு ஏழு. படத்துக்கு நேரே சுழி. கூட்டி முகப்பில் எழுதி அடுத்த தாள்.

பத்தொன்பதாவது தாளின் கூட்டுத் தொகை முப்பத்துமூன்று வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். படத்துக்கு உரிய மூன்று கிடைத்திருந்தால் முப்பத்தாறு.

மறுபடி கூட்டினார். பக்கம் பக்கமாகப் புரட்டி, தராத அரை மதிப்பெண் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். தாளுக்கு உரியவனின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். கோடுகளைச் சீவிய பென்சிலால் நிதானமாக வரைந்திருந்தான். அறுபத்தோராம் பக்கத்தில் இருந்ததுபோலவே, மயிரிழை பிசகாமல்.

"ஏங்க, சோறு ஆறுது" என்றாள் தங்கபுஷ்பம்.

மூன்றாம் முறையும் கூட்டினார். முகப்பில் முப்பத்துமூன்று என்று எழுதினார். எண்ணால் எழுதிவிட்டு, விதிப்படி, எழுத்தாலும் எழுதினார்.