பெரியமுத்து அடித்த நாலு அங்குல ஆணி

பெரியமுத்து எனக்குச் சித்தி மகன். எங்கள் அம்மாவும் அவன் அம்மாவும் போடியிலிருந்து ஒரே வருஷத்தில் வாக்கப்பட்டு மலை ஏறினவர்கள். சித்திக்கு ஐந்து பிள்ளைகள். மூன்று போக, தங்கினது பெரியமுத்துவும் அவனுக்குப் பதினோரு வயது இளைய செல்வலட்சுமியும்தான். நாங்கள் எல்லாரும் இருப்பது சக்குபள்ளத்தில், கூப்பிடு தூரத்தில். அவனைப் பற்றிச் சொல்லும்போது நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஏலத்தோட்டத்தில் மரவேலை பார்த்தவன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குத் தட்டு, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கதவு, நாற்றுப் பண்ணைக்குப் பந்தல், எது முறிந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மேஸ்திரி என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான்.

செல்வலட்சுமியின் வீட்டுக்காரர் தவறிய பிறகு அவள் ஆடு வளர்க்கலாம் என்று முடிவு செய்தாள். எங்கள் பக்கம் மழைக்கு ஆட்டைத் தரையில் கட்ட முடியாது, குளம்பு அழுகிவிடும். நெஞ்சு உயரத்தில் பரண் போட்ட கூடுதான். கீழே நாலு பக்கமும் சிமெண்ட் தூண், தூண்மேல் கனத்த விட்டம், விட்டத்தின்மேல் நாலுக்கு இரண்டு அங்குலச் சட்டங்களைக் குத்துவாட்டில், அதாவது ஒல்லிப் பக்கம் கீழே இருக்கும்படி, வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் இடைவெளி விட்டுப் பட்டியல் என்கிற ஒல்லிப் பலகைகளை அடிப்பது. புழுக்கை இடைவெளி வழியாகக் கீழே விழும். காலையில் பரணுக்கு அடியில் புகுந்து பெருக்கி எடுத்தால் ஏலத்துக்கு உரம்.

குத்துவாட்டில் நிற்கிற சட்டம் தானாக நிற்காது. அது விட்டத்தில் உட்காருகிற இடத்தில் பக்கத்திலிருந்து சாய்வாக ஆணி இறக்கி, சட்டத்தையும் விட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி இல்லையென்றால் ஆடுகள் ஒரு பக்கமாக முண்டும்போது சட்டம் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும்.

தங்கச்சிக்குக் கூடு கட்டுவதைப் பெரியமுத்து ஏற்றுக்கொண்டான். ஆணி வாங்க அவனோடு நானும் போயிருந்தேன். கடைக்காரி பிலோமி, அவள் அப்பா காலத்திலிருந்து மரமும் இரும்பும் விற்கிறவள். பெரியமுத்து நாலு அங்குல ஆணியில் ஐந்து கிலோ கேட்டான்.

"என்ன மேஸ்திரி, சாய்ச்சு அடிக்கவா?" என்றாள். "உங்க சட்டம் பழைய லயத்தைப் பிரிச்ச கிராண்டிஸ் மரந்தானே? எலும்பாக் காஞ்சு கெடக்கும். ரெண்டரை எடுங்க. முன்னாடி ட்ரில்லுல சின்னதா ஒரு ஓட்டை போட்டுக்கிட்டு எறக்குங்க. நாலு அங்குலம் தடி, நுனியைப் பொளந்துரும்."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவன் ஒரு இரண்டரை அங்குல ஆணியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது ஆணியாத்தா? இதை நீ கொண்டையில குத்திக்க. நான் ஓட்டை போட்டு ஆணி அடிச்சா, முப்பது வருஷமா என்ன செரைச்சேன்னு தோட்டத்துல கேப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிலோமி நாலு அங்குலத்தை நிறுத்துப் போட்டாள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். தோட்டத்தில் அவன் ஆணி அடித்ததெல்லாம் அன்று வெட்டி அன்று அறுத்த பச்சை மரம். பச்சைக்குள் நாலு அங்குலம் வாழைத்தண்டில் போகிற மாதிரிப் போகும், விரியாது. காய்ந்த மரம் வேறு சாதி. அதில் தடித்த ஆணி போனால் ரேகையை இரண்டு பக்கமும் தள்ளும். சட்டத்தின் முனையில் தள்ளினால் மரத்துக்கு ஒதுங்க இடமில்லை, வாயைத் திறந்துவிடும்.

முதல் சட்டத்தில் இரண்டாவது ஆணிக்கே 'டக்' என்று கேட்டது. மூன்றாவது சட்டத்தில் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வெடிப்பு ஓடியது. கையால் ஆட்டினால் ஆணி சட்டத்துக்குள் அசைந்தது. விட்டத்தில் ஆணி நிற்கிறது, சட்டம் ஆணியைப் பிடிக்கவில்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாம். அன்று மத்தியானம் செல்வலட்சுமி பக்கத்து வீட்டு ஆட்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "எங்கண்ணன் கட்டுது, பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தவில்லை. பதினாலு சட்டத்தில் ஒன்பது விரிந்தது.

சாயங்காலம் மரத்தூளில் பசையைக் குழைத்து வெடிப்புகளில் அப்பினான். காய்ந்ததும் வெடிப்பு தெரியாதபடி மேலே கறுப்பாகக் கரி எண்ணெய் பூசினான். பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். "தம்பி, இது நிக்குமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நிக்கும்க்கா" என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்கும் வெட்கம்தான் அது, எழுதும்போதும் கை கூசுகிறது.

பதினெட்டு ஆடுகள் ஏறின. மிருக டாக்டர் வந்து பார்த்து, மற்றவர்களையும் கூட்டி வந்து காட்டுகிறேன் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார். செல்வலட்சுமி அண்ணனையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாள். அவன் வேட்டியைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டே நின்றான்.

மறுநாளிலிருந்து பெரியமுத்து விடிந்ததும் தங்கச்சி வீட்டுக்கு வந்து விளக்குமாற்றை எடுத்தான். பரணுக்கு அடியில் குனிந்து புகுந்து, தலைக்குமேல் பதினெட்டு ஆடு உதைத்துக்கொண்டிருக்க, புழுக்கை கூட்டி அள்ளினான். தோட்டத்தில் தான் அறுத்த மரத்தூளைக்கூட மற்றவன் பெருக்க வேண்டும் என்று இருந்தவன். செல்வலட்சுமிக்கு முதலில் பெருமையாக இருந்தது. ஒரு வாரத்தில் ஊர் பேசத் தொடங்கியது.

"என்ன மேஸ்திரி, புதுச் சோலி கெடச்சிருச்சு போல? சம்பளம் புழுக்கையாவே குடுத்துர்றாங்களா?" என்று ஜீப் ஓட்டுகிற லோகேஷ் கத்திவிட்டுப் போவான். இவன் சிரித்து வைப்பான். எனக்கு மட்டும் தெரியும், அவன் ஏன் அவளை உள்ளே விடவில்லை என்று. விழுந்தால் தன் தலையில் விழட்டும் என்று நினைத்திருக்கிறான். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதைவிட அது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

இருபத்தி மூன்று நாள் அப்படிப் போனது. ஆனி மாதக் காற்று பிடித்துக்கொண்டது. அன்று காலையில் மழைச் சாரல் மேற்கிலிருந்து அடித்ததில் ஆடு எல்லாம் கிழக்கு ஓரமாக நெருங்கி முண்டிக்கொண்டு நின்றன. நானும் அங்கே இருந்தேன். செல்வலட்சுமி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணே, அதைக் கீழ வையி. அண்ணனை வேலைக்காரனாக்கிட்டியான்னு எம் மாமியா வீட்டுல இருந்து போன் பண்ணிக் கேக்குறாக. இன்னைக்கிருந்து நானே பெருக்கிக்கிறேன்."

"மழை விடட்டும்மா."

"ஏன், நான் உப்பா? கரைஞ்சா போவேன்?" விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு குனிந்தாள். மேலே பலகை 'கிறீச்' என்றது.

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையல் உடைந்துவிட்டது.

"உள்ள போகாத. சட்டம் பொளந்திருக்கு."

"எந்தச் சட்டம்?"

"ஒம்பது சட்டம். நான் அடிச்ச அன்னைக்கே பொளந்துச்சு. பசை வச்சு மறைச்சேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. 

"அப்ப இத்தனை நாளும் நீ கூட்டுனது?"

அவன் குனிந்து உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கினான்.

"நான் ஊரெல்லாம் சொன்னேனேண்ணே" என்றாள். "டாக்டருக்குச் சொன்னேன். போட்டோ எடுக்கச் சொன்னேன். இவன்லாம் ஒரு அண்ணனான்னு கேக்க வாய் வருது, கேக்கக்கூடாதுன்னு நிக்கிறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியுமாக்கா?"

தெரியும் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அவள் ஏணியை எடுத்துக்கொண்டு ஆடுகளை இறக்கப் போய்விட்டாள். பதினெட்டையும் நனைய நனைய எங்கள் மூன்று வீட்டுத் திண்ணையோரத்திலும் அடுப்படியிலுமாகக் கட்டினோம்.

பெரியமுத்து அந்த மழையிலேயே பிலோமி கடைக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். அன்றும் கடையில் ஆள் இருந்தது. அவன் அடிக்குரலில் கேட்டான்.

"ரெண்டரை அங்குலம். ரெண்டு கிலோ."

கொண்டை, குண்டூசி என்று ஏதாவது வரும் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பிலோமி ஆணியை நிறுத்தாள். சின்ன ட்ரில் ஊசி இரண்டை எடுத்துப் பொட்டலத்தில் போட்டாள். "ஆணியைவிட ஒல்லி ஊசியாப் போட்டிருக்கேன் மேஸ்திரி. ஓட்டை பெருசானா பிடிக்காது" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவள் சிரித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

வேலை மூன்று நாள் ஆனது. விரிந்த ஒன்பது சட்டத்தையும் கழற்றினான். தன் வீட்டு அடுப்படியை நீட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து அந்த இடத்தில் வைத்தான். விரியாத ஐந்திலும் தடித்த ஆணியைப் பிடுங்கி, பழைய ஓட்டையிலிருந்து தள்ளிப் புதிதாக அடித்தான். நான் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். விட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே, சட்டத்தின் முனையிலிருந்து நன்றாக உள்தள்ளி, சாய்வாக ஓட்டை. ஒவ்வொரு ஆணியையும் தலைகீழாகக் கல்லில் வைத்துக் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கினான். கூர்முனை ரேகையைப் பிரிக்கும், மழுங்கினது நாரை அறுத்துக்கொண்டு போகும். அடிக்கிற அடியில் சட்டம் நகராமல் மறுபக்கம் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தான். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, உள்ளே ஒன்றோடு ஒன்று மோதாதபடி. இரண்டரை அங்குலத்தில் பாதிக்கு மேல் விட்டத்துக்குள் போய்ப் பிடித்தது. அத்தனை சட்டத்திலும் ஒரு 'டக்' கேட்கவில்லை. முடிந்ததும் ஒவ்வொரு சட்டத்தையும் தோளால் முட்டிப் பார்த்தான். அசையவில்லை. அவனுக்கு அதில் சந்தோஷம் வந்த மாதிரித் தெரியவில்லை. இது முதலிலேயே இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறதே என்கிற முகம்தான் இருந்தது.

இந்தத் தடவை எதன்மேலும் பசை பூசவோ, கரி எண்ணெய் தடவவோ இல்லை. "அப்படியே இருக்கட்டும், தெரியட்டும்" என்றான்.

ஆடு ஏறிய மறுநாள் காலையில் அவன் வழக்கம்போல் வந்தான். விளக்குமாறு செல்வலட்சுமி கையில் இருந்தது.

"நான் கூட்டுறேம்மா."

"வேணாம்ண்ணே. இனி என் வேலை."

பேச்சில் கோபம் இல்லை. அவனுக்குக் காப்பி கொடுத்தாள், நின்று குடிக்கச் சொன்னாள். பிறகு பரணுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். முகத்தைத் தூக்கி, மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு சட்டமாக, ஒவ்வொரு முனையாக, ஆணித்தலை இருக்கிற இடத்தைக் கண்ணால் தடவிக்கொண்டே வந்தாள். பதினாலையும் பார்த்து முடித்த பிறகுதான் உள்ளே காலை வைத்தாள்.

இப்போது அந்தக் கூடு இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. ஆடு இருபத்தியாறு ஆகிவிட்டது. ஒரு சட்டமும் அசையவில்லை. அவள் இன்றைக்கும் மேலே பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள். பெரியமுத்து தன் வாசலில் உட்கார்ந்தால் அவள் அப்படிப் பார்ப்பது நேராகத் தெரியும். அதனால் அந்த நேரத்துக்கு அவன் வீட்டுக்குள் போய்விடுகிறான்.