சேரும் தேதி இல்லாத கடிதம்

மருந்துக் கிடங்கில் பதினாறு ஆண்டுகளாக இருப்புப் பார்த்துவந்தவளுக்குப் பெரிய நிறுவனமொன்றிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. தேதியைப் பார்க்காமல் எந்தப் பெட்டிக்கும் கையெழுத்திட்டுப் பழகாதவள் அவள். இதில் சேரும் தேதியே இல்லை. தகுதிகாண் காலம் ‘திருப்தி ஏற்படும் வரை’ என்றும், மருத்துவக் காப்பீடு ‘நிறுவன விதிகளின்படி’ என்றும் இருந்தன.

“சம்பளம் கூடத்தானே? கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடு. என்னப் பாத்துப் பயப்படாத,” என்றான், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் கணவன்.

“உங்களப் பாத்துப் பயந்திருந்தா கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன்.”

மூன்றையும் கேட்டு எழுதினாள். அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுப் பெண் அழைத்தாள்.

“வழக்கமா அப்படித்தான் மேடம் போடுவோம். நம்பி வாங்க.”

“நம்புறேம்மா. அதையே எழுத்துல குடுத்துடுங்க.”

மறுநாள் திருத்திய கடிதம் வந்தது. சேரும் தேதி இருந்தது. தகுதிகாண் காலம் ஆறு மாதம்; குடும்பத்துக்கான காப்பீடு அதன் பிறகே. கிடங்கு வேலையில் இப்போதிருக்கும் குடும்பக் காப்பீடோ விலகும் நாளோடு முடிந்துவிடும். இடையில் எழுபத்தெட்டு டயாலிசிஸ் வரும் என்று கணக்கிட்டாள்.

நன்றி கூறி, மறுத்து எழுதினாள்.

“வருத்தமா?” என்றான் கணவன்.

“இருக்கு,” என்றாள். “செருப்பப் போடுங்க. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு.”