காலி இடத்துக்கு வந்த டிசைனர்

எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு. ஆண்டுக் கூட்டத்துக்கு ஸ்லைடு போட வெளியிலிருந்து ஒரு டிசைனரை வரவழைத்தார்களாம், அவரையே நிரந்தர வேலையில் வைத்துவிட்டார்களாம். ஒவ்வொரு டீ இடைவேளைக்கும் அவர் திறமை ஒரு சுற்றுப் பெருத்தது.

நேரே அந்த டிசைனரிடமே கேட்டுவிட்டேன்.

"நானா? நான் சேர்ந்ததே கூட்டம் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு சார்," என்றார் பாவம். "ஸ்டோர்ல கேளுங்க."

ஸ்டோரில் கிளார்க் அக்கா பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். ஏழு வருட ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. "இந்த ஸ்லைடைப் போட்டுக் குடும்மா, உன்னை நிரந்தரமாக்கிடலாம்" என்று மேனேஜர் சொன்னதை நம்பி நாலு நாள் உட்கார்ந்தவர் இவர்தான்.

"ஸ்லைடு போட யார் சொல்லிக் குடுத்தா அக்கா?"

"இந்த ரேக்குதான். பெட்டிக்கு நடுவுல கை நுழைய இடம் விடலேன்னா, சாமான் இருந்தும் இல்லாத மாதிரிதான தம்பி?"

முதலில், எல்லா ஸ்லைடுக்கும் அச்சாக இருக்கும் மாஸ்டர் ஸ்லைடில் அக்கா கோடுகள் போட்டு அகலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்திருக்கிறார். எழுத்துக்கு ஏழு பங்கு, படத்துக்கு ஐந்து. சுற்றிலும் ஒரே அளவு ஓரம். தலைப்பு எல்லா ஸ்லைடிலும் ஒரே இடத்தில் தொடங்கும். எண்கள் மட்டும் வலது ஓரத்தைப் பிடித்து நிற்கும். கண்ணளவை நம்பாமல், அலைன் பட்டனை வைத்தே எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார். மேனேஜர் ஒரே ஸ்லைடில் திணித்திருந்ததை நாலு ஸ்லைடாகப் பிரித்தார்.

பார்த்ததும் மேனேஜருக்கு முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா, பாதி காலியா கெடக்கு? வேலையே செய்யாத மாதிரி. நாலு பூவாவது போடேன்."

"அந்தக் காலி இடம்தான் சார் உங்க நம்பரைக் காட்டுது."

மாற்ற நேரமில்லாததால் பூக்கள் தப்பித்தன. கூட்டத்தில் கடைசி நாற்காலிக்காரர்கூடக் கண்ணைச் சுருக்காமல் படித்தார்.

"யார் போட்டது?" என்றார் முதலாளி.

ஸ்டோர் கிளார்க் என்று சொன்னால், இத்தனை வருடம் தாம் போட்ட ஸ்லைடுகளுக்கு என்ன மரியாதை? மேனேஜர் சொன்னார்: "வெளியில ஒரு டிசைனர் சார்."

"பிரமாதம். அவரையே வேலைக்கு எடுங்க."

காலியாக இருந்தது ஒரே ஒரு நிரந்தர இடம். அது, பிறக்கவே பிறக்காத டிசைனருக்குப் போனது. பொய்யைக் காப்பாற்ற மேனேஜர் அலைந்து திரிந்து ஓர் ஆளைப் பிடித்து வந்தார். அவர் வந்த முதல் நாளே, அதே மாதிரி போட வேண்டுமென்று ஃபைலுக்காக அக்காவிடம் வந்து நின்றார். அக்காவும் தன் சொந்தப் பென்டிரைவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"ஏன்க்கா குடுத்தீங்க?"

"அந்தப் புள்ள என்ன பண்ணும்? காலி இடத்தைப் பாத்தா எனக்கு எப்பவும் எரிச்சல் வராது தம்பி. இந்த ஒரு இடத்தைப் பாத்துத்தான் வருது."

ஸ்டோர் பதிவேட்டைப் பூட்டுவதற்குமுன் அந்த இடத்தைக் காட்டினார்; சொந்தப் பொருளையும் பழக்கத்தில் அதிலேயே பதிந்திருந்தார். பென்டிரைவ் ஒன்று, வாங்கியவர் டிசைனர், தேதி, கையெழுத்து. 'திரும்ப வந்தது' என்ற கட்டத்தில் இன்றுவரை ஒன்றும் ஏறவில்லை.